முதல் ஃபாரம் முதல் போர்ட் டிரஸ்ட் வரை: ராமானுஜனின் தெரியாத ஆண்டுகளை அடுக்கும் வேலை

1913 ஜனவரி 16 அன்று சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜுக்குக் கணிதவியலாளர் ஹார்டியின் பெயரில் போன கடிதத்தில், தனக்கு ஏறத்தாழ 23 வயது என்று ராமானுஜன் எழுதியிருக்கிறார். அவர் பிறந்தது 1887 டிசம்பர் 22. ஆக, கடிதம் எழுதிய அன்று 25 முடிந்து 26 நடந்துகொண்டிருந்தது. அதே கடிதத்தில், தான் பல்கலைக்கழகக் கல்வி பெறவில்லை, சாதாரணப் பள்ளிப் படிப்புதான் என்கிறார். ஆனால் 11 மாதம் முன்னால், 1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுக அலுவலகமான போர்ட் டிரஸ்டுக்குப் போட்ட வேலை மனுவில், மெட்ரிகுலேஷன் தேறி எஃப்.ஏ. என்னும் கல்லூரிப் படிப்பு வரை படித்ததாகவும், சில சங்கடங்களால் மேலே தொடர முடியவில்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

இரண்டும் அவர் பெயரிலேயே போன கடிதங்கள். இரண்டிலும் புளுகு என்று எதையும் தூக்கிப் போட முடியாது. கும்பகோணத்தில் எஃப்.ஏ. என்றால் என்னவென்று துறைமுக ஆபீசில் இருப்பவருக்குத் தெரியும். பட்டம் வாங்காத அந்த இரண்டு வருடப் படிப்பை ஒரு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளருக்கு விளக்கிக்கொண்டிருக்க அவசியமில்லை. யாருக்கு எழுதுகிறோமோ அவருக்குத் தகுந்தபடி ஒருவர் தன் கதையைச் சுருக்கிக்கொள்வது உலக வழக்கம். அதனால்தான் பிரபலமானவர்களின் முந்தைய காலத்தைத் தேடுகிறவர்கள் அவர்கள் சொன்னதிலிருந்து தொடங்கக் கூடாது. தொடங்க வேண்டியது பள்ளிக்கூடத்திலிருந்து.

இந்த வேலையில் அடிப்படையான பங்கீடு ஒன்று உண்டு. எப்போது என்பதைப் பள்ளித் தாள் சொல்லும். என்ன நடந்தது என்பதை அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் தேதி கேட்டாலும், பதிவேட்டிடம் குணம் கேட்டாலும் வேலை கெட்டுப்போகும். ராமானுஜன் விஷயத்தில் இந்தப் பங்கீடு எப்படி வேலை செய்கிறது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

வகுப்பை வைத்து வருடம் பிடிப்பது

ராமானுஜனின் இளமை பற்றிய பெரும்பாலான செய்திகள் "இரண்டாம் ஃபாரத்தில் இருந்தபோது", "நான்காம் ஃபாரத்தில் படிக்கையில்" என்றுதான் தொடங்கும். ஃபாரம் என்றால் அந்தக் காலத்து உயர்நிலைப் பள்ளி வகுப்பு. வயதோ வருடமோ அவற்றில் இருக்காது. இதைப் பலவீனம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் இதுதான் பலம். அறுபது வருடம் கழித்தும் ஒருவருக்கு "அப்போது நாங்கள் எந்த வகுப்பு, வாத்தியார் யார்" என்பது மறக்காது. ஆண்டுக் கணக்குதான் மறந்துபோகும்.

வகுப்பை ஆண்டாக மாற்ற அசையாத ஒரு முளை வேண்டும். இங்கே அது 1903 டிசம்பரில் அவர் எழுதித் தேறிய சென்னைப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வு. பல்கலைக்கழகத் தேர்வு முடிவுகள் செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெசட்டில் அச்சானவை. அச்சான பட்டியல் என்பதால் பின்னால் யாரும் அதில் கை வைத்திருக்க முடியாது. மெட்ரிகுலேஷன் எழுதுவது ஆறாம் ஃபாரத்தின் முடிவில். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் 1903 ஆறாம் ஃபாரம், 1902 ஐந்து, 1901 நான்கு, 1900 மூன்று, 1899 இரண்டு, 1898 முதல் ஃபாரம். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் அவர் சேர்ந்ததும் 1898 தொடக்கத்தில்தான். அதற்கு முந்தைய 1897 நவம்பரில் பிரைமரி தேர்வு எழுதியிருக்கிறார். சங்கிலியின் இரண்டு முனையும் பொருந்துகின்றன. அதாவது இடையில் ஒரு வருடம்கூட அவர் தங்கவில்லை, தாவவுமில்லை.

இந்தக் கணக்கில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நமக்குப் பள்ளி ஆண்டு என்றால் ஜூனில் தொடங்கும். ராமானுஜன் படித்த காலத்தில் அது ஜனவரியில் தொடங்கி டிசம்பர் தேர்வோடு முடிந்தது. ஜூன் கணக்கைப் போட்டு எண்ணினால் ஒவ்வொரு ஃபாரமும் இரண்டு ஆண்டுகளில் கால் வைக்கும். எந்தச் சம்பவத்துக்கும் அரை வருடம் முன்பின்னாகும். எந்தப் பள்ளியின் பழைய பதிவேட்டைத் திறந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது நாம் தேடும் பெயரை அல்ல. சேர்க்கைகள் எந்த மாதத்தில் குவிந்திருக்கின்றன என்று நாலு பக்கம் புரட்டிப் பார்த்தால், அந்தக் காலத்துப் பள்ளி ஆண்டு எப்போது தொடங்கியது என்று தானாகத் தெரிந்துவிடும்.

இந்த அடுக்கு கையில் இருந்தால் சில்லறைச் சண்டைகள் உடனே தீரும். கார் என்பவர் தொகுத்த கணிதத் தேற்றப் புத்தகம் ராமானுஜன் கைக்கு வந்தது 15 வயதிலா 16 வயதிலா என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். அவர் இறந்த பிறகு, அவருடைய ஆசிரியராக இருந்த சேஷு அய்யரும் அவரை ஆதரித்த ராமச்சந்திர ராவும் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் 1903, ஆறாம் ஃபாரம், அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு நண்பர் எடுத்துக் கொடுத்தது என்று இருக்கிறது. 1903 டிசம்பர் 22 வரை அவருக்கு 15தான். 16 என்று சொல்ல வேண்டுமானால் அந்த வருடத்தின் கடைசிப் பத்து நாளுக்குள், மெட்ரிகுலேஷன் பரீட்சை நேரத்தில், புத்தகம் வந்திருக்க வேண்டும். அது நடக்காது என்று சொல்லவில்லை. ஆறாம் ஃபாரத்தில் படித்துக்கொண்டிருந்தபோது என்ற பேச்சோடு அது ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

சேர்க்கைப் பதிவேட்டை வாசிப்பது

பள்ளிகளில் வருகைப் பதிவேடு சில வருடங்களில் கழித்துக் கட்டப்படும். சேர்க்கைப் பதிவேடு நிரந்தரம். சேர்க்கை எண், சேர்ந்த தேதி, பெயர், தந்தை அல்லது காப்பாளர் பெயர், அவர் தொழில், ஊர், பிறந்த தேதி, முன்பு படித்த பள்ளி, சேர்ந்த வகுப்பு, விலகிய தேதி, காரணம் என்று கட்டங்கள் போகும். சில பழைய பதிவேடுகளில் அம்மை குத்தியாயிற்றா என்றுகூட ஒரு கட்டம் உண்டு.

தலைமையாசிரியரிடம் போய் "இன்னார் பற்றிய விவரம் வேண்டும்" என்று கேட்டால் தட்டச்சு செய்த ஒரு சான்று கிடைக்கும். அது போதாது. தேவை மூலப் பக்கம், அதோடு முன்னும் பின்னும் பத்துப் பதிவுகள். இதற்குக் காரணம் இரண்டு. அடித்தல் திருத்தல், வேறு மையில் சேர்த்த வரி, ஓரத்தில் போட்ட சுருக்கொப்பம் எதுவும் சான்றில் வராது. பிறந்த தேதியை யாராவது பின்னால் திருத்தியிருந்தால் அதுவே ஒரு சேதி. இன்னொன்று, அதே வாரம் அதே வகுப்பில் சேர்ந்த பையன்களின் பெயர்களும் தகப்பனார் பெயர்களும் அந்தப் பக்கத்தில் இருக்கும். அக்கம்பக்கத்தாரைத் தேடும்போது கைகொடுக்கப் போவது அந்தப் பட்டியல்தான்.

பதிவேடு பெயர் வரிசையில் இருக்காது, சேர்க்கை எண் வரிசையில்தான் இருக்கும். ஆகவே தேதி தெரியாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடுவது வீண் உழைப்பு. பெயரும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்காது. ராமானுஜன், ராமானுஜம், ராமானுஜ அய்யங்கார் எல்லாம் ஒரே ஆள். சீனிவாச என்பது அவர் பெயரே அல்ல, தகப்பனார் பெயர். வைணவக் குடும்பங்கள் நிறைந்த தெருவில் ராமானுஜன்களுக்குப் பஞ்சமில்லை. தகப்பனார் பெயரும் தொழிலும் (இங்கே ஜவுளிக்கடைக் குமாஸ்தா) சேர்ந்து ஒத்துவந்தால்தான் இவர்தான் அவர் என்று குறிக்கலாம்.

இன்னொரு ஆபத்து, நகல் பதிவேடு. பழையது பொடிந்துபோனால் புதிய நோட்டில் எழுதிவைப்பார்கள். அதை மூலம் என்று நம்பிக் காட்டுவார்கள், கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. பத்து வருடச் சேர்க்கையும் ஒரே கையெழுத்து, ஒரே மை, திருத்தமே இல்லை என்றால் அது நகல். நகலெடுத்தவர் ஒரு வரி தாண்டி எழுதியிருந்தால் ஒருவரின் பிறந்த தேதி அடுத்தவர் தலையில் ஏறியிருக்கும். மேலும் கீழும் உள்ள பதிவுகளில் சேர்ந்த வகுப்புக்கும் வயதுக்கும் பொருத்தம் பார்த்தால் இது வெளிப்பட்டுவிடும்.

பையன் ஊர் மாறி மாறிப் படித்திருந்தால், முன்பு படித்த பள்ளி என்ற கட்டம் பொன். ராமானுஜனின் ஆரம்பக் கல்வி அப்படித்தான் சிதறிக் கிடக்கிறது. காஞ்சிபுரத்தில் தாய்வழித் தாத்தாவின் கோர்ட்டு வேலை போனதும் தாயும் மகனும் கும்பகோணம் திரும்பினார்கள், காங்கேயன் பிரைமரிப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு சென்னையில் தாத்தா பாட்டியோடு சில காலம். அங்கே பள்ளிக்குப் போக மறுத்த பையனைக் கண்காணிக்க ஒரு கான்ஸ்டபிளை ஏற்பாடு செய்தார்கள் என்ற கதை குடும்ப வழியாக வந்தது. ஆறு மாதத்துக்குள் மறுபடி கும்பகோணம். கான்ஸ்டபிள் கதைக்குத் தாள் சாட்சி தேட முடியாது. ஆனால் சென்னைக்குப் போய்வந்தது உண்மையானால் அந்த மாதிரிப் பையன் ஒரே பள்ளியின் பதிவேட்டில் இரண்டு சேர்க்கை எண்களோடு இருப்பான், இடையில் சில மாதம் காலியாக இருக்கும். கதையைச் சரிபார்ப்பது என்பது கான்ஸ்டபிளைத் தேடுவதல்ல, அந்த இடைவெளியைத் தேடுவது.

முதன்முதலில் பள்ளியில் சேர்ந்த தேதியாக 1892 அக்டோபர் 1 சொல்லப்படுகிறது. ஜனவரியில் வகுப்பு தொடங்கும் காலத்தில் ஏன் அக்டோபர் என்று ஒரு கேள்வி எழ வேண்டும். பஞ்சாங்கக் கணக்கில் அது விஜயதசமி வாக்கில் வருகிறது. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளையை அன்றைக்கு எழுத்துக்கு வைத்து, அதையே சேர்க்கைத் தேதியாகப் பதிவதில் ஆச்சரியமில்லை. ஆகவே அது சடங்கு நாள் என்று கொள்ள வேண்டும். அன்றிலிருந்து ஒழுங்காக வகுப்புக்குப் போனான் என்று நீட்டி எழுதக் கூடாது.

பிறந்த தேதி: பள்ளியா, ஜாதகமா

நம் ஊரில் பள்ளித் தேதிக்கும் ஜாதகத் தேதிக்கும் வித்தியாசம் இருப்பதே இயல்பு. வயது வரம்புக்காகப் பெற்றோரோ வாத்தியாரோ ஒரு வருடம் கூட்டியோ குறைத்தோ போடுவதும், பலருக்குப் பள்ளி திறக்கும் மாதத்தையே பிறந்த மாதமாக்குவதும் சகஜம். ஒரே பக்கத்தில் ஏழெட்டுப் பேருக்குப் பிறந்த மாதம் ஒன்றாக இருந்தால் அந்தக் கட்டத்தை நம்பவே வேண்டாம்.

ராமானுஜனுக்கு ஜாதகக் குறிப்பு இருக்கிறது: சர்வஜித்து வருடம், மார்கழி 9, வியாழக்கிழமை. இதை மாற்றும் முறை எளிது, அவசரம்தான் கூடாது. அறுபது வருடச் சுற்றில் பிரபவ 1867 சித்திரையில் தொடங்குகிறது. சர்வஜித்து 21ஆவது. ஆக 1887 சித்திரை முதல் 1888 பங்குனி வரை. மார்கழி அந்த வருடத்தின் ஒன்பதாம் மாதம், அதன் தொடக்கம் 1887 டிசம்பரில் விழுகிறது. அந்த ஆண்டு மார்கழி 1, டிசம்பர் 14. ஒன்பதாம் நாள் டிசம்பர் 22. கடைசியாகக் கிழமை: 1887 டிசம்பர் 22 வியாழன். வருடம், மாதம், தேதி மூன்றும் சேர்ந்து கொடுத்த விடையை நான்காவதாகக் கிழமை தனியே உறுதி செய்கிறது. எங்காவது ஒரு நாள் பிசகியிருந்தால் கிழமை காட்டிக்கொடுத்திருக்கும்.

இரண்டு இடத்தில் இது தப்பும். மார்கழியின் பிற்பகுதி முதல் பங்குனி வரை பிறந்தவர்களுக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும். அதை மறந்து ஒரு வருடம் முந்திப் போட்ட பிறந்த தேதிகள் ஏராளம். இன்னொன்று, நம் நாள் சூரிய உதயத்தில் மாறுகிறது. நள்ளிரவுக்குப் பின் விடியலுக்கு முன் பிறந்த குழந்தைக்கு ஜாதகம் முந்தின கிழமையைச் சொல்லும், ஆஸ்பத்திரியோ நகராட்சியோ அடுத்த தேதியைப் போடும். ஒரு நாள் வித்தியாசத்தைக் கண்டதும் ஒன்றைப் பொய் என்று தள்ளாமல் பிறந்த நேரத்தைக் கேட்க வேண்டும்.

தெருவைக் கண்டுபிடிப்பது

கும்பகோணத்தில் ராமானுஜன் வளர்ந்த வீடு சாரங்கபாணி சன்னிதித் தெருவில். இப்போது நினைவில்லமாக இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். ஆனால் வீட்டைப் பார்ப்பதால் அண்டை வீட்டில் 1901இல் யார் இருந்தார்கள் என்று தெரியாது. அதற்குச் சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டும். பழைய கிரயப் பத்திரங்களில் செக்குபந்தி என்று நான்கெல்லை எழுதியிருப்பார்கள்: இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் மனைக்குக் கிழக்கு, தெருவுக்கு வடக்கு என்று. ஒரு வீட்டுப் பத்திரம் கிடைத்தால் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் பின்கட்டுக்காரரும் பெயரோடு வந்துவிடுவார்கள். தேடும் வீட்டின் பத்திரமே கிடைக்காவிட்டாலும் அதற்கு இரண்டு புறமும் உள்ள வீடுகளின் பத்திரம் போதும், நம் ஆள் எல்லையில் வருவார். கதவு எண்ணை மட்டும் நம்பக் கூடாது, நகராட்சி அதைப் பலமுறை மாற்றியிருக்கும்.

குறை என்னவென்றால், பத்திரம் சொந்தக்காரரைத்தான் சொல்லும். குடியிருந்தவரைச் சொல்லாது. கோவிலூர்களில் ஒரே வீட்டின் முன்கட்டில் சொந்தக்காரர், ரேழி அறையில் வெளியூர் மாணவர், பின்கட்டில் இன்னொரு குடித்தனம் என்று இருப்பார்கள். ராமானுஜன் வீட்டிலேயே கல்லூரி மாணவர்கள் தங்கிப் படித்திருக்கிறார்கள். அவருக்கு 11 வயதாகும் முன்பே அவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டார் என்பது பிரபலமான செய்தி.

இங்கேதான் ஒரு குழப்பம். லோனி எழுதிய திரிகோணமிதியின் இரண்டாம் பாகம் அவர் கையில் எப்படி வந்தது? சேஷு அய்யர், ராமச்சந்திர ராவ் குறிப்பு, நான்காம் ஃபாரத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டு பி.ஏ. மாணவர் ஒருவரிடம் கடன் வாங்கியதாகச் "சொல்லப்படுகிறது" என்கிறது. பின்னால் எழுதியவர்கள் பலர் பக்கத்து வீட்டு மாணவரையும் வீட்டில் தங்கியிருந்த மாணவர்களையும் ஒரே ஆளாக்கிவிட்டார்கள். ஃபாரக் கணக்கைப் போட்டால் பிரிந்துவிடும். நான்காம் ஃபாரம் 1901, வயது 13. தங்கியிருந்த மாணவர்கள் கதை 11 வயதைச் சுற்றி, அதாவது 1898 வாக்கில், முதல் ஃபாரக் காலத்தில். 1898இல் தங்கிப் படித்த ஒருவர் 1901இலும் அங்கேயே இருந்தார் என்று வேறு சாட்சி வராத வரை இவர்கள் வேறு வேறு ஆட்கள். அந்த பி.ஏ. மாணவரைத் தேடுவதென்றால் வழி இருக்கிறது: கும்பகோணம் அரசுக் கல்லூரியின் 1900, 1901 பி.ஏ. வகுப்புப் பெயர்களை ஒரு பக்கம் வைத்து, தெருவின் செக்குபந்திப் பெயர்களை மறுபக்கம் வைத்து, தகப்பனார் பெயர் எங்கே ஒட்டுகிறது என்று பார்ப்பது. ஒட்டாவிட்டால் அவர் குடக்கூலிக்கு இருந்தவராக இருக்கலாம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நினைவைக் கேட்கும்போது

ராமானுஜனைப் பற்றி அக்கம்பக்கத்து நினைவுகள் இன்றைக்கு நம் கையில் இருப்பதற்குப் பெரிய காரணம் சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன். ராமானுஜனோடு படித்தவர்கள், பழகியவர்கள், உறவினர் என்று தேடிப் பிடித்து அவர்களின் நினைவுக் குறிப்புகளையும் கடிதங்களையும் சேர்த்தார். அந்தப் பள்ளியே 1968இல் அவற்றை வெளியிட்டது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் செய்த இந்த வேலையைப் பல்கலைக்கழகங்கள் அதற்கு முன் செய்யாமல் விட்டதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. இன்னும் பத்து வருடம் விட்டிருந்தால் கேட்க ஆள் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த நினைவுகளைப் படிக்கும்போது ஒரு கணக்கு மனதில் இருக்க வேண்டும். முதல் ஃபாரத் தோழருக்கு 1960களில் வயது எழுபத்தைந்துக்கு மேல். அதற்கு நாற்பது வருடம் முன்பே, 1920இல் ராமானுஜன் இறந்தபோது எழுதப்பட்ட குறிப்பும் 1927இல் அவருடைய கட்டுரைத் தொகுப்போடு மறுபடி அச்சான வடிவமும் ஊரெல்லாம் பரவியாயிற்று. ஆகவே முதியவர் சொல்வது அவர் கண்டதா, படித்ததா என்று பிரிக்க வேண்டும். அச்சில் உள்ள செய்தி அதே வரிசையில், அதே சொற்களில் வந்தால் அது தனிச் சாட்சி ஆகாது. பத்துப் பேர் சொன்னாலும் சாட்சி ஒன்றுதான்.

அதனால் அச்சில் வராததைக் கேட்பது நல்லது. எந்தப் பெஞ்சு, பள்ளிக்கு எந்தத் தெரு வழியாகப் போவீர்கள், கணக்கு வாத்தியாருக்குப் பையன்கள் வைத்த பட்டப்பெயர் என்ன, பலகையா தாளா என்ற மாதிரி. "அவர் மேதை என்று அப்போதே தெரியுமா" என்று கேட்டால் தெரியும் என்றுதான் பதில் வரும், அந்தக் கேள்வியால் ஒரு பயனும் இல்லை.

உண்மை நினைவுக்கு ஒரு நல்ல அடையாளம், இன்றைய வழக்கத்துக்கு ஒட்டாத விவரம். பிரைமரி தேர்வில் கணக்கில் ராமானுஜன் வாங்கியது 45க்கு 42, தோழர் வாங்கியது 43, அதனால் ராமானுஜன் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தார் என்று ஒரு செய்தி உண்டு. பின்னால் கட்டிவிடுகிற கதையில் மார்க் நூற்றுக்குத்தான் இருக்கும், மேதை தோற்கவும் மாட்டான். 45க்கு என்பதும், இவர் ஒரு மார்க் குறைந்தார் என்பதும் கற்பனைக்குப் பொருந்தாத விவரங்கள். எனவே இதற்குக் கொஞ்சம் எடை கொடுக்கலாம். அப்போதும் தேர்வின் முழு மதிப்பெண் 45தானா என்று கல்வித்துறைப் பழைய விதிகளில் பார்த்துவிடுவது நல்லது.

ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு சன்னல் உண்டு, அதற்கு வெளியே அவர் பார்த்திருக்க முடியாது. மனைவி ஜானகி அம்மாளுக்குத் திருமணம் 1909 ஜூலை 14 அன்று, பத்து வயதுச் சிறுமியாக. கணவரோடு வாழத் தொடங்கியது அதற்கும் பின்னால். டவுன் ஹைஸ்கூல் பற்றி அவர் சொல்வது மாமியாரிடம் கேட்டது. அது பொய் என்பதல்ல, கோமளத்தம்மாள் சொன்னது என்ற தலைப்பில் போக வேண்டியது. பெயர், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை நேரில் பார்த்தவர், மீதி யாரிடம் கேட்டது என்று ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு அட்டை போட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் வராது.

தோல்வி எங்கே பதிவாகிறது

1904 ஜனவரியில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஜூனியர் எஃப்.ஏ.யில் சேர்ந்தது, சுப்பிரமணியம் உதவித்தொகை கிடைத்தது, 1905 ஜனவரியில் சீனியருக்குத் தேறாமல் அந்த உதவித்தொகை போனது வரைக்கும் வாழ்க்கைக் குறிப்பில் தெளிவாக இருக்கிறது. உதவித்தொகை போனதும் வீட்டை விட்டு ஓடிவிட்டார் என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவார்கள். தாள் அப்படிச் சொல்லவில்லை. 1905 செப்டம்பர் 2 தேதியிட்டு இந்து பத்திரிகையில் காணாமற்போன பையன் பற்றி ஒரு அறிவிப்பு வந்தது: பெயர் ராமானுஜம், சுமார் 18 வயது, சமீபம் வரை கும்பகோணம் கல்லூரி மாணவர், ஏதோ மனத்தாங்கலில் வீட்டை விட்டுப் போய்விட்டார். போனது விசாகப்பட்டினம் பக்கம். ஜனவரிக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் ஏழு மாதம் இருக்கிறது. அந்த ஏழு மாதமும் உதவித்தொகை இல்லாமல் சம்பளம் கட்டிக் கல்லூரிக்குப் போக முயன்ற காலம். ஓடிப்போனது ஒரு தோல்வியின் மறுநாள் நடந்தது அல்ல என்பது அவரைப் புரிந்துகொள்வதையே மாற்றுகிறது.

இந்த அறிவிப்பில் பெயர் ராமானுஜம் என்று இருப்பதைக் கவனிக்க வேண்டும். வயதும் ஒன்று கூட, உண்மையில் 17தான். சரியான பெயரையும் சரியான வயதையும் வைத்துத் தேடுகிறவர் கண்ணில் இது படாது. பள்ளியில் ஆள் இல்லாத காலத்துக்குப் பள்ளிப் பதிவேடு உதவாது, ஆனால் ஆள் காணாமற்போவதே வேறொரு பதிவை உண்டாக்கும். பத்திரிகை, போலீஸ், கல்லூரி வருகைக் கணக்கு என்று அது சிதறி இருக்கும். திரும்பி வந்த பிறகு வருகை நாட்கள் போதாமல் டெர்ம் சர்டிஃபிகேட் கிடைக்கவில்லை என்ற வரி இந்த அறிவிப்போடு சரியாக இணைகிறது.

அடுத்தது எஃப்.ஏ. தேர்வு. 1906இல் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பி, 1907 டிசம்பரில் தனித் தேர்வராக எழுதித் தவறினார் என்கிறது வாழ்க்கைக் குறிப்பு. 1906 டிசம்பரிலும் ஒருமுறை எழுதித் தவறினார் என்று பிற்கால நூல்கள் சொல்கின்றன. கெசட்டைப் புரட்டி, இரண்டு வருடத்திலும் அவர் பெயர் இல்லை, ஆகவே இரண்டு முறை தோற்றார் என்று முடிவு கட்டுவது இந்தத் துறையில் மிகச் சாதாரணமான பிழை. அச்சான பட்டியலில் தேறியவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். எழுதித் தவறியவரும் எழுதவே போகாதவரும் அங்கே ஒன்றுபோல்தான் தெரிவார்கள், அதாவது தெரியவே மாட்டார்கள். எழுதினார் என்று நிரூபிக்கப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பப் பதிவேடோ மதிப்பெண் பதிவேடோ வேண்டும், அல்லது தேர்வுக் கட்டணம் செலுத்திய வரி வேண்டும். அது கிடைக்காத வரை 1907ஐ வாழ்க்கைக் குறிப்பின் பேரிலும், 1906ஐப் பிற்கால நூல்களின் பேரிலும் தனித்தனியே எழுதி வைப்பதுதான் முறை.

1908, 1909 இரண்டு வருடத்துக்கும் நிலைமை இதைவிட மோசம். கல்லூரி இல்லை, வேலை இல்லை. டியூஷன் சொல்லிக்கொடுத்தார், திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார் என்பதெல்லாம் தெருக்காரர்கள் வழியாகவே வருகின்றன. தாளாக நிற்பது 1909 ஜூலைத் திருமணத் தேதி ஒன்றுதான். இந்த இடத்தில் நினைவுகளை ஆண்டு போட்டு அடுக்க ஆசை வரும். திருமணத்துக்கு முன், திருமணத்துக்குப் பின் என்று இரண்டு குவியலாகப் பிரிப்பதற்கு மேல் சாட்சியம் இடம் கொடுக்காது. கல்யாணம் ஆனதா என்பது எந்தத் தெருக்காரருக்கும் நினைவிருக்கும், எந்த வருடம் என்பது இருக்காது.

1910இல் திருக்கோவிலூர் டெபுடி கலெக்டர் வி. ராமசாமி அய்யரைப் பார்க்கப் போனதிலிருந்து மறுபடி வெளிச்சம் வருகிறது. 1911இல் இந்தியக் கணிதச் சங்க இதழில் பெயர் அச்சாகிறது. 1912 மார்ச் 1 முதல் போர்ட் டிரஸ்டில் மூன்றாம் வகுப்பு நான்காம் கிரேடு குமாஸ்தா, மாதம் 30 ரூபாய். இங்கேயும் சின்னச் சரிபார்ப்பு ஒன்று செய்யலாம். ஹார்டிக்கு எழுதியதில் வருடச் சம்பளம் 20 பவுன் மட்டுமே என்கிறார். அப்போது பவுனுக்கு 15 ரூபாய். 30 ரூபாய் வீதம் 12 மாதத்துக்கு 360 ரூபாய், அதாவது 24 பவுன். வயதைப் போலவே சம்பளமும் கொஞ்சம் குறைத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. போர்ட் டிரஸ்ட் சம்பளப் பதிவும் கடிதமும் மோதும்போது ரூபாய்க்குச் சம்பளப் பதிவை எடுத்துக்கொள்ள வேண்டும். தன்னை ஹார்டி எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பினார் என்பதற்குக் கடிதத்தை எடுத்துக்கொள்ளலாம். வேலையில் சேர்ந்த பிறகு மனு, நியமன உத்தரவு, சிபாரிசுக் கடிதம், பதில் கடிதம் என்று தேதியோடு காகிதம் குவியத் தொடங்குகிறது. அங்கிருந்து பள்ளிப் பதிவேட்டுக்காரருக்கு வேலை இல்லை.